கோபமாக வந்த புகாருக்குப் பதில்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு மாதிரியான வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் சர்வீஸ் பொறுப்பைப் பார்ப்பவர்களுக்கான வழிமுறை இது. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கோபமாக ஒரு புகார் வருகிறது, பதிலும் போட்டாகிவிட்டது, ஆனாலும் விஷயம் அடங்கவில்லை என்றால் கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள்.

## எழுத உட்காரும் முன்

புகாரை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை படிக்கும்போது திட்டுதான் கண்ணில் படும். இரண்டாவது தடவை, அதில் எத்தனை புகார் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மெஷின் ஓடவில்லை என்பது ஒன்று. போன் செய்தும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் கோபத்துக்குக் காரணம், ஆனால் நம் பதில் முதலாவதுக்கு மட்டும் போகும்.

அடுத்து பில்லையும் பழைய அழைப்புப் பதிவையும் எடுத்து வையுங்கள். எந்தத் தேதி வாங்கினார், எந்தெந்தத் தேதியில் கூப்பிட்டார், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்பது தெரிய வேண்டும். பிறகு சர்வீஸ்மேனைக் கேளுங்கள்: இந்த ஏரியாவுக்கு என்றைக்குப் போக முடியும்? தேவைப்படக்கூடிய உதிரிபாகம் கையில் இருக்கிறதா?

இவற்றுக்கு விடை கிடைக்க நேரமாகும் என்றால் முழுப் பதிலை அவசரமாக எழுத வேண்டாம். ஒரு தகவல் மட்டும் போடுங்கள்: “வணக்கம் சார். உங்கள் புகாரைப் படித்தேன். சர்வீஸ்மேனிடம் பேசிவிட்டு, ஆள் எப்போது வருவார் என்பதை இன்று மாலை 5 மணிக்குள் எழுதுகிறேன்.” ஐந்து மணிக்கு விடை கிடைக்காவிட்டாலும் ஐந்து மணிக்கு எழுதியாக வேண்டும். அதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் ஐந்து என்று எழுதாமல் ஏழு என்று எழுதுங்கள்.

ஆன்லைனில் விற்பவர்களுக்கு இது சட்டக் கடமையாகவும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் கருகின வாசனை வரும் கிரைண்டரை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு 48 மணி நேரம் மிக நீளம். அன்றைக்கே பதில் போவதுதான் சரி.

## அறிகுறி 1: மன்னிப்புக் கேட்ட பிறகு கோபம் கூடிவிட்டது

அதிகமாக வரும் சிக்கல் இதுதான். ஒரு புகாரை முழுதாக எடுத்துப் பார்ப்போம். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், வாங்கி ஒன்பது நாள். புதன்கிழமை, 8-ஆம் தேதி காலை இந்த மெசேஜ் வருகிறது:

“புது கிரைண்டர்ல முதல் தடவ உளுந்து போட்டேன். கருகின வாசனை வருது, உர்ருன்னு சத்தம் மட்டும் கேக்குது, டிரம் சுத்தவே மாட்டேங்குது. மூணு தடவ போன் பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் ஆள் கூப்பிடுவாருன்னு சொல்றீங்க, யாரும் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம். புது கிரைண்டர் வாங்கி வெச்சுட்டு பக்கத்து வீட்ல போய் மாவு அரைச்சிட்டு இருக்கேன். ஏமாத்து வேலையா இது?”

அதற்குப் போன பதில்:

“அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம். எங்கள் தயாரிப்புகள் தரச் சோதனைக்குப் பிறகே அனுப்பப்படுகின்றன. போக்குவரத்தின்போது பெல்ட் விலக வாய்ப்புள்ளது. எங்கள் சர்வீஸ் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்.”

பத்து நிமிடத்தில் இன்னும் பெரிய திட்டு வருகிறது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காரணம் அ: “இருந்தால்” என்ற சொல். சிரமம் ஏற்பட்டதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அதற்கு “ஏற்பட்டிருந்தால்” என்று எழுதினால், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. சோதனை எளிது: உங்கள் பதிலில் இருந்தால், நேர்ந்திருப்பின், ஒருவேளை, எனினும், ஆனால் ஆகிய சொற்களைத் தேடுங்கள். மன்னிப்பு இருக்கும் வரியில் இவற்றில் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

காரணம் ஆ: அவர் சொன்ன விவரம் ஒன்றுகூட பதிலில் இல்லை. “சிரமம்” என்பது எந்தக் கடைக்கும் எந்தப் புகாருக்கும் பொருந்தும் சொல். உளுந்து, கருகின வாசனை, மூன்று போன், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீடு என்று அவர் எழுதியதில் எதுவுமே திரும்பி வரவில்லை. சோதனை: உங்கள் பதிலை எடுத்து, அதே வாரம் வந்த வேறொரு புகாருக்கு அனுப்பிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பொருந்தினால் அது பதில் இல்லை, திரும்ப எழுதுங்கள்.

காரணம் இ: விளக்கம் முன்னால் வந்துவிட்டது. பெல்ட் விலகியிருக்கலாம் என்பது உண்மையாகவே இருக்கலாம். டிரம் சுற்றாமல் மோட்டார் சத்தம் மட்டும் வந்து ரப்பர் கருகும் வாசனை அடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டைத்தான். ஆனால் ஆள் எப்போது வருவார் என்று சொல்வதற்கு முன் காரணம் சொன்னால் சாக்குச் சொல்வதாகவே படிக்கப்படும். தரச் சோதனை பற்றிய வரிக்கு இங்கே வேலையே இல்லை. அதை எடுத்துவிடுங்கள்.

காரணம் ஈ: “விரைவில்”. மூன்று தடவை போனில் கேட்ட அதே வாக்கு நான்காவது தடவை எழுத்தில் வந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய சர்வீஸ்மேனின் அரை நாளை ஒதுக்கியாக வேண்டும். அதனால்தான் நான்கு காரணங்களில் செலவு அதிகமானது இது.

நான்கையும் சரிசெய்தால் பதில் இப்படி வரும்:

“வணக்கம் மேடம். முதல் தடவை உளுந்து போட்டபோதே கருகின வாசனை வந்து கிரைண்டர் சுற்றவில்லை என்பதையும், மூன்று முறை கூப்பிட்டும் எங்கள் ஆள் உங்களிடம் பேசவில்லை என்பதையும் படித்தேன். நீங்கள் 4, 6, 7 தேதிகளில் கூப்பிட்டது எங்கள் பதிவில் இருக்கிறது. திரும்பக் கூப்பிடாதது எங்கள் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று: பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை (10-ஆம் தேதி) காலை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் எங்கள் சர்வீஸ்மேன் உங்கள் வீட்டுக்கு வருவார். அவர் பெயரும் நம்பரும் கீழே இருக்கிறது. புது பெல்ட் கொண்டு வருவார். பெல்ட்தான் பிரச்சினை என்றால் அங்கேயே மாற்றி, ஊறவைத்த அரிசி ஒரு பிடி போட்டு ஓட்டிக் காட்டுவார். மோட்டார் போயிருந்தால் மெஷினை எடுத்துக்கொள்வார், சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் வேறு புது மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எதுவானாலும் உங்களுக்குச் செலவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் வீட்டில் ஓடும் கிரைண்டர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். 1 மணி தாண்டியும் அவர் வரவில்லை என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், நான் எடுப்பேன்.”

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். அழைப்புத் தேதிகள் மூன்றும் எழுதப்பட்டிருப்பதால், பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். மன்னிப்பு, திரும்பக் கூப்பிடாததற்காகக் கேட்கப்பட்டிருக்கிறது. அது நம் தவறுதான் என்பதில் சந்தேகம் இல்லை. மெஷினில் என்ன கோளாறு என்று இன்னும் தெரியாது. அதனால் அதைப் பற்றி எந்த ஒப்புதலும் இல்லை, இரண்டு வழி மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ற கெடு அவர் வைத்தது, நம் தேதி அதற்கு முன்னால் நிற்கிறது. வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது.

“ஏமாத்து வேலையா” என்ற கேள்விக்கு நேரடியாக மறுப்பு எழுதவில்லை. அதற்குப் பதில் எழுத ஆரம்பித்தால் பேச்சு மெஷினை விட்டுவிட்டு மானப் பிரச்சினைக்குப் போய்விடும்.

புது மெஷின் தருவதாக எழுதுவதற்கு முன், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்டுவிடுங்கள், ஸ்டாக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாளி ஒப்புக்கொள்ளாத வாக்கை எழுதுவது “விரைவில்” என்று எழுதுவதைவிட மோசம்.

## அறிகுறி 2: பதில் போட்டும் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது

கோபம் அவ்வளவாக இல்லை, ஆனால் “எப்போ வருவாங்க?”, “என்ன ஆச்சு?” என்று ஒரே நாளில் பல மெசேஜ்.

நாளும் நேரமும் இருக்கிறதா? “இரண்டு மூன்று நாளில்” என்று எழுதியிருந்தால் அவர் இரண்டு என்று எடுத்துக்கொள்வார், நீங்கள் மூன்று என்று நினைத்திருப்பீர்கள். கிழமை, தேதி, நேரம் மூன்றும் எழுதுங்கள். உதிரிபாகம் கம்பெனியிலிருந்து வர வேண்டும், தேதி நம் கையில் இல்லை என்றால் அடுத்த தகவல் தரும் நேரத்தைச் சொல்லுங்கள்: “டிரம் கம்பெனியிலிருந்து வர வேண்டும். லாரியில் ஏற்றிவிட்டார்களா என்று வியாழன் மாலை 4 மணிக்குக் கேட்டுவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு எழுதுகிறேன்.”

யார் பொறுப்பு என்று தெரிகிறதா? “எங்கள் குழு” என்று இருந்தால் அவருக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாது. ஒரு பெயர், ஒரு நம்பர் போதும்.

இரண்டு பேர் பதில் சொல்கிறார்களா? கவுண்டரில் இருப்பவர் போனில் “நாளைக்கு வந்துடும்” என்கிறார், வாட்ஸ்அப்பில் “சனிக்கிழமை” என்று போயிருக்கிறது. வாடிக்கையாளர் எப்போதும் சீக்கிரத் தேதியைத்தான் பிடித்துக்கொள்வார், அது நியாயமும்தான். புகாருக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். மற்றவர்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி: “அவங்க பார்த்துட்டு இருக்காங்க, உங்களுக்குக் கூப்பிடச் சொல்றேன்.”

கேட்டது வேறு, சொன்னது வேறா? அவர் பணத்தைக் கேட்கிறார், நீங்கள் ரிப்பேருக்கு ஆள் அனுப்புவதாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பணம் தர முடியாது என்றால் அதைச் சொல்லிவிட்டுத்தான் ரிப்பேரைப் பற்றிப் பேச வேண்டும். ஆன்லைன் விற்பனையில், குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருந்தாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன், பணத்தைத் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்க 2020 விதிகள் இடம் தரவில்லை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதை அங்கே காட்டி வாதாடாதீர்கள்.

## அறிகுறி 3: பணம் அனுப்பியாச்சு என்கிறோம், வரவில்லை என்கிறார்

இரண்டு பேரும் உண்மை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் “நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்கள் பேங்கில் கேளுங்கள்” என்று முடித்துவிடாதீர்கள்.

முதல் சோதனை: அனுப்பியதா, அனுப்பச் சொன்னதா? கணக்குப் பிரிவிடம் சொன்ன நாளை அனுப்பிய நாளாக எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பேமெண்ட் கேட்வே பக்கத்தைத் திறந்து, பணம் திரும்பியதாகக் காட்டும் தேதியை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது: எந்தக் கணக்குக்குப் போனது? கார்டில் கட்டியிருந்தால் பணம் பொதுவாக அதே கார்டுக்குத்தான் போகும். அவர் சேமிப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார், பணம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் வரவாக நிற்கும். மகன் போனிலிருந்து ஜிபே செய்திருந்தால் மகன் கணக்குக்குத்தான் வரும். இந்த ஒரு கேள்வியிலேயே நிறையப் புகார்கள் முடிந்துவிடும்.

மூன்றாவது: எண் கொடுத்தீர்களா? பதிலில் தொகை, அனுப்பிய தேதி, எந்த வழி, யூபிஐ அல்லது வங்கிப் பரிமாற்றம் என்றால் யூடிஆர் எண், கார்டு என்றால் ஏஆர்என் எண் இருக்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் அவருடைய பேங்கில் தேடிச் சொல்ல முடியும். எண் இல்லாமல் பேங்குக்கு அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பி வந்து இன்னும் கோபமாக எழுதுவார்.

“8-ஆம் தேதி மாலை உங்கள் கார்டுக்கு முழுத் தொகையும் திருப்பி அனுப்பப்பட்டது. ஏஆர்என் எண் கீழே இருக்கிறது. கார்டு ஸ்டேட்மெண்டில் தெரிய ஐந்திலிருந்து ஏழு வேலை நாள் ஆகலாம். 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரை வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், கேட்வே கம்பெனியில் நான் புகார் போடுகிறேன்.” இவ்வளவு போதும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடையில் யூபிஐ போடும்போது அவர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போவது வேறு விவகாரம். அதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு இருக்கிறது: பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடை தன் விருப்பத்தில் திருப்பி அனுப்பும் பணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எனவே அந்தக் கெடுவை அவருக்கு வாக்காகக் கொடுக்காதீர்கள்.

செலவு பிடிக்கும் காரணம்: கேட்வேயில் பணம் நின்றுபோய் எந்தப் பக்கமும் தெரியவில்லை. ஏழு வேலை நாள் தாண்டிவிட்டால் கேட்வே கம்பெனியிடம் எழுத்தில் புகார் போட்டு, அந்தப் புகார் எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். தொகை சிறியது என்றால் அவர் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிவிட்டு கேட்வேயிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் பணமும் பின்னால் போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. முதல் பரிமாற்றம் ரத்தாகிவிட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அனுப்புங்கள்.

## அறிகுறி 4: தவறு அவர் பக்கம் என்று தெரிகிறது

சர்வீஸ்மேன் போய்ப் பார்க்கிறார். 2 லிட்டர் டிரம்மில் விளிம்பு வரை அரிசி. கெட்டியாக, தண்ணீர் போதாமல் ஓட்டியதில் பெல்ட் வழுக்கித் தேய்ந்திருக்கிறது.

முதல் சோதனை, இது நிச்சயமா என்பது. பெல்ட் தொழிற்சாலையிலேயே தளர்வாகப் போடப்பட்டிருந்தாலும் அதே மாதிரிதான் தேயும். கையேட்டில் எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து போடலாம் என்று தமிழில் இருக்கிறதா? ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் “கையேட்டில் போட்டிருக்கிறதே” என்று எழுதுவதில் அர்த்தம் இல்லை.

நிச்சயம் என்றால், பார்த்ததை எழுதுங்கள், பழியை எழுதாதீர்கள். “நீங்கள் அதிகமாகப் போட்டதால்தான் கெட்டது” என்பதற்குப் பதிலாக: “பெல்ட் ஒரு பக்கம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். டிரம்மில் அளவுக்கு மேல் மாவு இருந்தால் பெல்ட் இப்படி வழுக்கும். இந்த மாடலில் ஊறிய அரிசி எந்த அளவு வரை போடலாம் என்று போட்டோவில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். புது பெல்ட்டுக்கும் வேலைக்கும் ஆகும் தொகை இது. செய்யட்டுமா, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்கிறீர்களா?”

பெல்ட் விலை சின்னத் தொகை. வாங்கி ஒரு மாதத்துக்குள் இருந்தால் இலவசமாக மாற்றிக் கொடுத்து, அளவையும் சொல்லிவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். மோட்டார் காயில் எரிந்துபோயிருந்தால் அது வேறு கணக்கு. அங்கே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரின் எழுத்து அறிக்கை கையில் வரும் வரை “வாரண்டி கிடையாது” என்று எழுதாதீர்கள்.

## அறிகுறி 5: கூகுள் ரிவியூவில் எழுதிவிட்டார்

பில் புத்தகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், வேறு கடையை நினைத்து எழுதியிருக்கலாம். “உங்கள் பெயரில் பில் எங்களிடம் இல்லை, பில் நம்பரைக் கடை எண்ணுக்கு அனுப்பினால் உடனே பார்க்கிறேன்” என்று அமைதியாக எழுதுங்கள்.

இருந்தால், நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நடந்ததை ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள், செய்யப்போவதைத் தேதியோடு சொல்லுங்கள், யார் கூப்பிடுவார் என்று சொல்லுங்கள். அவருடைய போன் நம்பர், முகவரி, பில் எண், வாங்கிய பொருளின் விலை எதையும் அங்கே எழுதக் கூடாது. வாட்ஸ்அப் உரையாடலின் படத்தைப் போட்டு, யார் சொன்னது சரி என்று நிரூபிக்கவும் கூடாது. அந்த ரிவியூவைப் படிக்கப்போகும் மற்றவர்கள் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதில்லை, கடையில் பிரச்சினை வந்தால் என்ன செய்வார்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

பிரச்சினை தீர்ந்த பிறகு பழைய பதிலைத் திருத்தி “10-ஆம் தேதி பெல்ட் மாற்றிக் கொடுக்கப்பட்டது” என்று ஒரு வரி சேருங்கள். ரிவியூவை எடுத்தால்தான் பணம் தருவோம் என்று மட்டும் ஒருநாளும் எழுதாதீர்கள். அந்த மெசேஜே அடுத்த ரிவியூவில் படமாக வந்து நிற்கும்.

## அறிகுறி 6: சொன்ன தேதி தவறிவிட்டது

வெள்ளிக்கிழமை 1 மணி ஆகிவிட்டது, சர்வீஸ்மேன் வண்டி பஞ்சர். இது மேலே உள்ள எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் எழுதிக் கொடுத்த வாக்கு உடைகிறது.

தவறப்போகிறது என்று தெரிந்த நிமிடமே கூப்பிடுங்கள். 12 மணிக்குத் தெரிந்தால் 12 மணிக்கே. மெசேஜ் வேண்டாம், போன்தான். அவர் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிட்டால் பாதிச் சண்டை கிடையாது. பேசி முடித்ததும் பேசியதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

புதுத் தேதியை அதே ஆளை நம்பி வைக்காதீர்கள். வேறு ஆள், வேறு கடையின் சர்வீஸ்மேன், ஆட்டோவில் புது மெஷின், எது முடியுமோ அது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம் இருக்கும் வீட்டுக்கு, ரிப்பேர் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு கடையில் இருக்கும் டெமோ கிரைண்டரையாவது வெள்ளி மாலையே கொண்டுபோய் வைப்பதுதான் சரியான வேலை. ஆட்டோ வாடகை கடையின் செலவு.

இரண்டாவது தேதியும் தவறினால் இனி எழுத்தில் எந்தப் பதிலும் எடுபடாது. முதலாளி கூப்பிட்டுப் பேச வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் வழியை அவரே முன்வைக்க வேண்டும்.

## நீங்கள் நிறுத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

ஷாக் அடித்தது, தீப்பொறி வந்தது, யாருக்காவது அடிபட்டது. ஆள் எப்படி இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள், பிளக்கைத் தொடவே பயமாக இருந்தால் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் காரணம், நஷ்டஈடு பற்றி ஒரு வரிகூட நீங்களாக எழுத வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் ஏற்படும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் யார் மேலும் அது வரலாம். முதலாளி, கம்பெனி, வக்கீல் மூவருக்கும் அன்றே சொல்லுங்கள். மெஷினைத் திறந்து ரிப்பேர் செய்யவோ அவசரமாக எடுத்து வரவோ கூடாது. கம்பெனி எஞ்சினியர் வந்து, வாடிக்கையாளர் முன்னால் போட்டோ எடுத்து, எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொட வேண்டும்.

1915 வழியாகப் புகார் வந்தது. இது தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்கு இன்னும் போடப்படவில்லை, பேசித் தீர்க்க வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். வக்கீல் தேவையில்லை. ஆனால் சர்வீஸ் மேசையிலேயே வைத்துக்கொள்ளாமல் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே போகும் பதிலிலும் தேதியும் தொகையும் இருக்க வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. வாட்ஸ்அப்பில் சமாதானம் பேசப் போகாதீர்கள். நோட்டீசோடு பில், அழைப்புப் பதிவு, அனுப்பிய எல்லா மெசேஜ், போட்டோ எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரங்கள் அங்கேதான் போகும், கிரைண்டர் எல்லாம் அதில்தான் வரும். நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் தர அதற்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எனவே நோட்டீஸ் கையில் வந்த தேதியைக் கவரின் மேலேயே பேனாவால் எழுதி, அன்றைக்கே வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள்.